ரெயில் இல்லாத கார் கூரையில் கரியர் பூட்டி மலைப்பாதையில் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடையது சின்னக் கார். கூரையில் ரெயில் ஒன்றும் இல்லை, வழுவழுவென்று இருக்கிறது. இதில் கரியர் பூட்ட முடியுமா?

முடியும். ஆனால் அதற்குமுன் கூரை உண்மையிலேயே வெறுங்கூரைதானா என்று பாருங்கள். சில கார்களில் கூரையின் இரு ஓரங்களிலும் முன்னிருந்து பின்னாக ஓடும் கறுப்புப் பட்டியில் சிறு மூடிகள் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே போல்ட் ஏறும் மரை இருக்கும். அப்படி இருந்தால் அதுதான் கரியரைத் தாங்கும் குறுக்குக் கம்பிக்குரிய இடம், வேறெங்கும் பூட்ட வேண்டாம். பழைய வான்களில் கூரையின் ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரப் பீலி இருக்கும். அதில் பிடிக்கும் கம்பிக் கால்கள் தனி வகை.

இவை எதுவும் இல்லாத வெறுங்கூரைக்குக் கதவு நிலையில் பிடிக்கும் கால்கள் வேண்டும். மலையகத்தில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதிகம் பிழையாகப் பூட்டப்படுவதும் இதுதான் என்பதால், இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றியே.

இது நிற்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. குறுக்குக் கம்பியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கால். காலின் அடியில் இறப்பர் மெத்தை, அது கூரையின் ஓரத்தில் உட்காரும். காலிலிருந்து ஓர் இரும்புக் கொக்கி கீழிறங்கி, கதவைத் திறந்தால் தெரியும் நிலையின் மேல் விளிம்பைப் பிடிக்கும். போல்ட்டை இறுக்கும்போது கொக்கி மேலே இழுக்கிறது, மெத்தை கீழே அழுத்துகிறது. கூரையில் ஓட்டையும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. அந்த அழுத்தமும் இறப்பரின் உராய்வும்தான் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்கின்றன. அதனால் மெத்தை கூரையின் வளைவோடு படியவேண்டும், கொக்கி விளிம்பின் வடிவத்தோடு பொருந்தவேண்டும். இரண்டும் காருக்குக் கார் மாறும். 'எல்லாக் காருக்கும் சரி' என்று விற்கும் கால்களை வாங்குமுன் உங்கள் காரிலேயே வைத்துப் பாருங்கள். மெத்தையின் ஒரு மூலை கூரையைத் தொடாமல் நின்றால், எவ்வளவு இறுக்கினாலும் அது சரிவராது.

எத்தனை கிலோ ஏற்றலாம்? கரியரில் 100 கிலோ என்று எழுதியிருக்கிறதே?

கரியரில் எழுதியிருப்பது கரியர் தாங்கும் பாரம். கூரை தாங்குவது வேறு, கம்பி தாங்குவது வேறு. இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. கூரையின் அளவு காரின் கையேட்டில் இருக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் 50 கிலோ அளவிலும், சற்றுப் பெரியவற்றில் 75 கிலோ வரையிலும் கொடுப்பார்கள். சிலவற்றில் அதற்கும் குறைவு, சில கார்களில் கூரையில் எதுவுமே ஏற்றக்கூடாது என்றே எழுதியிருக்கும். கையேடு யப்பான் மொழியில் இருந்தால் அந்த மொடலின் ஆங்கிலக் கையேட்டை இணையத்தில் தேடிப் பாருங்கள். இந்த எண்ணை ஊகிக்கக் கூடாது.

அந்த எல்லைக்குள் கம்பியும் கரியரும் அடக்கம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையின் எல்லை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கம்பியும் நான்கு காலும் 5 கிலோ, இரும்புக் கரியர் 12 கிலோ. மிச்சம் 33 கிலோதான். ஆகவே நுவரெலியாவில் 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை வாங்கி மேலே போட இந்தக் காரில் இடமே இல்லை. 20 கிலோ மரக்கறிப் பை ஒன்றும் 8 கிலோ துணிப்பை ஒன்றும் ஏற்றலாம், அதன்பிறகு 5 கிலோ மீதம் இருக்கும். அந்த மீதத்தை நிரப்பாமல் விடுங்கள். மழையில் நனைந்த சாக்கு காய்ந்த சாக்கைவிடக் கனம், இங்கே மழை சொல்லிவிட்டு வருவதில்லை.

கனமான சாமானைக் காருக்குள், பின் இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். கூரைக்கு உரியது இடத்தை அடைக்கும் இலேசான சாமான்தான்.

முன் கம்பியும் பின் கம்பியும் எந்த இடத்தில் வரவேண்டும்? எவ்வளவு இடைவெளி?

கம்பியோடு வரும் தாளில் உங்கள் காருக்கு அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவு. கொடுக்காவிட்டால் கதவு நிலையைப் பாருங்கள். கொக்கி உட்காரும் இடத்தில் விளிம்பு நேராக ஓடவேண்டும். முன் கதவின் முன்பகுதியில், கண்ணாடித் தூண் சாய்ந்து இறங்கும் வளைவில் கொக்கி வைத்தால் அது வழுக்கி முன்னே போகப் பார்க்கும். பின் கதவின் பின்மூலை வளைவிலும் அப்படியே. முன் கம்பியின் கால் முன் கதவுக்கு மேலும், பின் கம்பியின் கால் பின் கதவுக்கு மேலும், இரண்டும் நேரான பகுதியில் இருக்கவேண்டும்.

இடைவெளி பொதுவாக 70 செ.மீ. அளவில் வரும், சின்னக் கார்களில் 60 வரை குறையலாம். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், மலைப்பாதையில் கரியரைக் காப்பது இந்த இடைவெளிதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன காரில் 28 கிலோ சாமானும் 12 கிலோ கரியருமாகக் கம்பிகளின்மேல் 40 கிலோ நிற்கிறது. கார் நிற்கும்போது முன் கம்பிக்கு 20, பின் கம்பிக்கு 20. வளைவில் திடீரென ஒரு பஸ் எதிரே வர, காய்ந்த தார்ப்பாதையில் பலமாகப் பிரேக் பிடிக்கிறீர்கள். அந்த நேரத்தில் மேலே உள்ள பாரம் தன் எடையில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட, 28 கிலோ அளவில், முன்னோக்கித் தள்ளும். பாரத்தின் நடு கம்பிக்கு மேல் 25 செ.மீ. உயரத்திலும், கம்பிகளின் இடைவெளி 70 செ.மீ. ஆகவும் இருந்தால் 28-ஐ 25-ஆல் பெருக்கி 70-ஆல் வகுங்கள்: 10 கிலோ. அவ்வளவு பாரம் பின் கம்பியிலிருந்து முன் கம்பிக்கு மாறுகிறது. முன்னே 30, பின்னே 10. பரவாயில்லை, இரண்டு கம்பியும் இன்னும் கூரையை அழுத்தியபடியே இருக்கின்றன.

அதே 28 கிலோ சாமானை இரட்டை அடுக்காக அடுக்கி, நடுவை 50 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுபோனால் 20 கிலோ மாறும். பின் கம்பியின்மேல் பாரமே இராது. இன்னும் சற்று உயர்த்தினாலோ, கம்பிகளை இன்னும் நெருக்கி வைத்தாலோ பாரம் பின் கம்பியை மேலே தூக்க ஆரம்பிக்கும். தாங்கவேண்டியது அப்போது கொக்கி மட்டும்தான். எடையைக் கூட்டாமல், அடுக்கிய விதத்தாலேயே கரியர் கழன்றுபோவது இப்படித்தான்.

இடத்தைத் தீர்மானித்தபின், கதவு நிலையில் ஒரு மூலையிலிருந்து கொக்கி வரை இடமும் வலமும் அளந்து ஒரே அளவு வைத்து, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் குறியிடுங்கள். கம்பி இரு பக்கமும் ஒரே நீளம் வெளியே நீட்டியிருக்கவேண்டும். ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கக் காலின் கோணம் மாறி மெத்தை சாய்ந்து உட்காரும்.

பூட்டும்போது எதை முதலில், எதைப் பிறகு இறுக்குவது?

முதலில் துடையுங்கள். கூரையில் கால் உட்காரும் நான்கு இடங்களையும், மெத்தைகளின் அடியையும், கதவு விளிம்பையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நன்றாக உலரவிடுங்கள். தோட்டப் பாதைகளின் புழுதி மெத்தைக்கடியில் சிக்கினால் இரண்டு கேடு: மெத்தை பிடிக்காது, பெயின்டையும் உரசும். காருக்கு மெழுகு பூசுபவராக இருந்தால் அந்த நான்கு இடங்களில் பூசாமல் விடுங்கள்.

பிறகு இரண்டு பேர் சேர்ந்து கம்பியைக் கூரையில் வையுங்கள். ஒருவர் தனியாக இழுத்தால் கால் கூரையில் கீறும். கதவைத் திறந்து கொக்கியை விளிம்பில் மாட்டுங்கள். கொக்கி பிடிக்கவேண்டியது தகட்டை. நிலையைச் சுற்றி ஓடும் கதவு இறப்பரின் மேல் அது உட்கார்ந்தால் முதலில் இறுகியது போல் தெரியும், பத்து வளைவு கடந்ததும் இறப்பர் நசுங்கிக் கொக்கி தளரும். இறப்பரை விரலால் விலக்கிக் கொக்கியை உள்ளே தள்ளி, இரும்பு இரும்பில் உட்கார்ந்ததைக் கண்ணால் பாருங்கள்.

இப்போது நான்கு கால்களின் போல்ட்டையும் கையால் மட்டும் திருகுங்கள். அடுத்து முன் கம்பியில் இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் இரண்டு சுற்று என்று மாறிமாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கம்பி அந்தப் பக்கமாக இழுபட்டுவிடும், எதிர்க் கொக்கி விளிம்பின் நுனியில் நிற்கும். முன் கம்பி முக்கால்வாசி இறுகியதும் பின் கம்பிக்கும் அப்படியே செய்யுங்கள். நான்கு கதவையும் மூடித் திறந்து பார்த்துவிட்டுக் கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள்.

கடைசி இறுக்கம் என்றால் எவ்வளவு? என்னிடம் டோர்க் ஸ்பேனர் இல்லை.

சரியான எண் கம்பியோடு வந்த தாளில் நியூட்டன் மீட்டர் என்ற அளவில் இருக்கும். கதவு நிலையில் பிடிக்கும் கால்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 வரை. நல்ல கம்பிகளோடு ஒரு சிறு சாவி வரும், குறித்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும், அல்லது அதன் முள் குறியீட்டில் வந்து நிற்கும். அந்தச் சாவி இருந்தால் டோர்க் ஸ்பேனர் தேவையே இல்லை.

சாவி தொலைந்துவிட்டதென்றால் பயணப்பை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று போதும். போல்ட்டின் நடுவிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் ஸ்பேனரிலோ எலன் கீயிலோ ஒரு குறி போட்டு, அந்த இடத்தில் தராசின் கொக்கியை மாட்டி ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 3.4 கிலோ காட்டும்போது போல்ட்டில் 5 நியூட்டன் மீட்டர். 4 வேண்டுமானால் 2.7 கிலோ, 6 வேண்டுமானால் 4.1 கிலோ. சாய்த்து இழுத்தால் கணக்குப் பிழைக்கும். மரையில் எண்ணெயோ கிரீஸோ போடவேண்டாம். வழுக்கும் மரையில் அதே இழுப்புக்குப் போல்ட் இன்னும் கூடுதலாக இறுகிவிடும்.

3.4 கிலோ என்பது எவ்வளவு சிறிய இழுப்பு என்று கவனியுங்கள். நீளமான ஸ்பேனரைப் பிடித்து முழுப் பலத்தோடு திருகினால் இதுபோல் ஐந்தாறு மடங்கு போய்விடும்.

கூடுதலாக இறுக்கினால் இன்னும் பலம்தானே? கராஜில் நன்றாக முறுக்கித்தான் விட்டார்கள்.

இல்லை. கூரை ஓரத்துத் தகடு மெல்லியது. அளவுக்கு மிஞ்சி இறுக்கும்போது மெத்தை உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிகிறது. குழிந்த அளவுக்குக் கொக்கியின் இழுப்பு குறைகிறது. அடுத்த நாள் தளர்ந்திருப்பதைப் பார்த்து மறுபடி முறுக்குவார்கள், மறுபடி குழியும். இந்தச் சுற்றில் மாட்டிய கார்களின் கூரையில் நான்கு ஒடுக்கு விழுந்திருப்பதைக் காணலாம்.

மிஞ்சிப்போனதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். காலின் பக்கத்தில் நின்று கூரையில் தெரியும் மரக்கிளை, கம்பி வேலி போன்ற எதிரொளியைப் பாருங்கள். மெத்தையைச் சுற்றி அது வளைந்து தெரிந்தால் தகடு அமுங்கியிருக்கிறது. கதவு மூட முன்னைவிடப் பலம் வேண்டியிருந்தால் கொக்கி நிலையை மேலே இழுத்திருக்கிறது, அல்லது கதவு இறப்பரை நசுக்கியிருக்கிறது. மழைக்குப் பின் காருக்குள் நாம் கால் வைக்கும் இடத்துக் கம்பளம் ஈரமாக இருந்தாலும் காரணம் அங்கேதான். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, கொக்கியைச் சரிபார்த்து, முதலிலிருந்து இறுக்குங்கள்.

சரியாகப் பூட்டியதைச் சோதிக்கக் கை போதும். கம்பியைக் காலுக்குப் பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னும், பிறகு இடம் வலமாகவும் பலமாக ஆட்டுங்கள். கார் முழுவதும் அதன் ஸ்பிரிங்கில் ஆடவேண்டும், கம்பி மட்டும் நகரக்கூடாது. நான்கு மூலையிலும் இதைச் செய்யுங்கள். ஒரு மூலை நகர்ந்தால் உடனே அந்தப் போல்ட்டைத் திருகாமல், அந்தக் கொக்கி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இறுக்கத்தில் இல்லை, கொக்கி உட்கார்ந்த விதத்தில்தான்.

கம்பியின்மேல் கரியரை எப்படிப் பூட்டுவது?

கரியரைக் கம்பிகளின்மேல் வைத்து முதலில் நடுவைச் சரிசெய்யுங்கள். முன் கம்பிக்கு முன்னால் நீட்டும் பகுதியும் பின் கம்பிக்குப் பின்னால் நீட்டும் பகுதியும் ஏறத்தாழச் சமமாக இருக்கட்டும். பின் கதவு மேல்நோக்கித் திறக்கும் காரானால், அதை முழுதாகத் திறந்து கரியரில் இடிக்கிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பது யூ போல்ட். குறைந்தது நான்கு, ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு, முடிந்தவரை கால்களுக்குக் கிட்ட. நடுவில் பிடித்தால் கம்பி வளையும். யூ போல்ட் கம்பியைக் கீழிருந்து சுற்றி மேலே வர, கரியரின் சட்டத்துக்கு மேல் தட்டும் வாசரும் நட்டும் வரவேண்டும். நட் மேலே இருந்தால் வழியில் நிறுத்தி விரலால் தொட்டுப் பார்க்கலாம். மரை முனையும் கூரைப் பக்கம் நீட்டாது. உங்கள் கரியரில் மரை கீழ்நோக்கித்தான் வரும் என்றால் அதன் முனைக்கும் கூரைக்கும் இடையில் குறைந்தது 3 செ.மீ. விடுங்கள். பாரத்தோடு குழியில் இறங்கும்போது கம்பி கீழே வளைந்து கொடுக்கும், அந்த முனை கூரையில் ஓட்டை போட்டுவிடும்.

கம்பி அலுமினியமானால் யூ போல்ட்டுக்கும் கம்பிக்கும் இடையில் 2 மி.மீ. தடிப்பில் இறப்பர் துண்டு ஒன்று வையுங்கள். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்தாலும் போதும். நட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டையே வாங்குங்கள், சாதாரண நட் அதிர்வில் கழலும். இறுக்கியபின் நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரியவேண்டும், இல்லாவிட்டால் நைலோன் வளையம் மரையைப் பிடித்திருக்காது. பலமுறை கழற்றிப் பூட்டி, கையாலேயே இலகுவாகச் சுழலும் நிலைக்கு வந்த நைலோன் நட்டை எறிந்துவிடுங்கள்.

நான்கையும் கையால் திருகி, முன் இடம், பின் வலம், முன் வலம், பின் இடம் என்று மூலைக்கு மூலை இறுக்குங்கள். யூ போல்ட்டின் இரண்டு காலிலும் நட் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். தட்டு சாய்ந்திருந்தால் ஒரு கால்தான் பாரம் சுமக்கிறது.

நுவரெலியாவிலிருந்து இறங்கிக் கம்பளையில் நிறுத்திப் பார்த்தால் முன் கம்பி ஒரு விரல் அளவு முன்னே வந்திருந்தது. காலையில் இறுக்கித்தான் புறப்பட்டேன். ஏன்?

நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கம்பளை 500 மீட்டரை ஒட்டி. இறம்பொடை வழியாக இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக். ஒவ்வொரு முறையும் பாரம் முன்னே தள்ளுகிறது, கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வேகம் குறைவுதான், ஆனால் நூற்றுக்கணக்கான முறை ஒரே திசையில் சிறுசிறு தள்ளல். ஏறும்போது நகராத கம்பி இறங்கும்போது நகர்வது அதனால்தான்.

காலையில் இறுக்கியதும் ஒரு காரணமாகலாம். புதிதாக அழுத்தப்பட்ட இறப்பர் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நசுங்கி அடங்கும். நுவரெலியாவின் காலைக் குளிரில் விறைத்திருந்த மெத்தை, கீழே வெயிலில் இளகும்போது இன்னும் அடங்கும். அடங்கிய அளவுக்குப் போல்ட்டின் இழுப்பு குறையும். ஆகவே கம்பியை முந்தின நாள் மாலையே பூட்டி, புறப்படும்போது மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள். பாரம் ஏற்றி முதல் 10 கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை, பிறகு 50 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை பாருங்கள். இந்தப் பாதையில் இலபுக்கலையிலோ இறம்பொடையிலோ தேநீருக்கு நிறுத்துவீர்கள் அல்லவா, அந்த நேரம் போதும். ஹட்டன் பக்கம் இறங்குபவர்களுக்குக் கினிகத்தேனை. நீண்ட பயணத்தில் ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் பாருங்கள்.

உங்கள் கம்பியை இப்போது இருந்த இடத்திலேயே வைத்து இறுக்கவேண்டாம். பாரத்தை இறக்கி, நான்கு காலையும் தளர்த்தி, மெத்தையைத் துடைத்து, டேப் குறிக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். நகர்ந்த கம்பியின் கொக்கி சாய்ந்திருக்கும், சாய்ந்த கொக்கியை இறுக்கினால் விளிம்பு நெளியும். திரும்பப் பூட்டியபின்னும் அதே கம்பி நகர்ந்தால் அந்தக் கொக்கி உங்கள் காருக்குரியதல்ல. வேறு கொக்கி தேடுவதுதான் வழி.

சாமானை எப்படிக் கட்டுவது? கயிறு போதுமா, பெல்ட் வேண்டுமா?

கனமானது கீழே, இரண்டு கம்பிகளுக்கும் நடுவில். இலேசானது அதன்மேலும் பின்னாலும். முன்பக்கம் சாமானுக்கும் கரியர் விளிம்புக்கும் இடையில் வெற்றிடம் விடாதீர்கள். இடைவெளி இருந்தால் பிரேக் பிடிக்கும்போது சாமான் ஓடிவந்து மோதும், அந்த மோதலின் பலம் சும்மா தள்ளுவதைவிடப் பல மடங்கு.

குறுக்காக இரண்டு பெல்ட், முன்பின்னாக ஒன்று. முன்பின் பெல்ட்டைத்தான் பலர் போடாமல் விடுகிறார்கள், இறக்கத்தில் வேலை செய்வது அதுதான். குறைந்தது ஒரு பெல்ட்டாவது கரியரின் கம்பி வலையோடு நிற்காமல் குறுக்குக் கம்பியையும் சுற்றிவரட்டும். யூ போல்ட் ஒன்று போனாலும் சாமான் காரோடு இருக்கும். ராட்செட் பெல்ட்டானால் மூன்று நான்கு பல்லோடு நிறுத்துங்கள். அதற்குப் பலம் அதிகம், மரக்கறிப் பையை நசுக்கும், மெல்லிய கம்பியை வளைக்கும். நைலோன் கயிறும் போதும், லொறிக்காரர்கள் போடும் இழுப்பு முடிச்சு தெரிந்தால். ஆனால் நனைந்த நைலோன் நீளும் என்பதால் மழை விட்டதும் நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டவேண்டும். கொக்கி வைத்த இறப்பர் கயிற்றால் படங்கை மட்டும் பிடிக்கலாம், பாரத்தைப் பிடிக்கக்கூடாது.

படங்கின் முன் விளிம்பைச் சாமானுக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். மேலே கிடந்தால் காற்று உள்ளே புகுந்து பாயாக விரிந்து, கரியரையே மேலே இழுக்கும்.

ஓடும்போது ஊளையிடுகிறது. ஏதாவது கழன்றுவிட்டதா?

ஒரே சுருதியில் ஊளையிட்டால் அது காற்று. கம்பியின் முனை மூடி விழுந்திருக்கும், அல்லது கம்பியின் பள்ளத்தை மூடும் இறப்பர்ப் பட்டி இல்லாமலிருக்கும். 'டர்ர்' என்று அதிர்ந்தால் பெல்ட், அதை நடுவில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் அடங்கும். குழியில் இறங்கும்போது மட்டும் 'டொக்' என்று கேட்டால் உடனே பாதையோரம் நிறுத்துங்கள். அது தளர்ந்த காலோ யூ போல்ட்டோதான்.

மேலே பாரம் இருக்கும்போது ஓட்டுவதில் என்ன மாற்றம்?

காரின் பாரமையம் மேலே போய்விடுகிறது. வளைவில் கார் வழக்கத்தைவிடச் சாயும், சாய்வு அடங்க நேரம் எடுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் போங்கள். இறக்கத்தில் கீழ்க் கியரில் இறங்கினால் பிரேக்கும் சூடாகாது, கரியருக்கும் தள்ளல் குறையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். மலையிறங்கி நேரான பாதைக்கு வந்ததும் மேலே கரியர் இருப்பதை மறந்து வேகமெடுக்கவேண்டாம். கரியரோடு காரின் மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தாழ்ந்த மரக்கிளைகளுக்கும் வீட்டுப் போர்ட்டிகோவுக்கும் அந்த எண் தேவைப்படும்.

பயணம் முடிந்தபின் அப்படியே விட்டுவிடலாமா?

கழற்றிவிடுங்கள். வெறுங்கம்பியும் கரியரும் பெற்றோலை வீணாக்கும். அதைவிட, மெத்தைக்கடியில் தேங்கும் ஈரமும் புழுதியும் சேர்ந்து பெயின்டைத் தேய்த்து வட்டமாக மங்கவைக்கும். மழை விடாத மாதங்களில் இது வேகமாக நடக்கும். விட்டுத்தான் வைக்கவேண்டும் என்றால் மாதம் ஒருமுறை கால்களைத் தூக்கித் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள்.

கழற்றும்போதும் மாறிமாறித்தான், இடம் இரண்டு சுற்று, வலம் இரண்டு சுற்று. கொக்கி விளிம்பிலிருந்து விடுபட்டபின் கம்பியை இழுக்காமல் தூக்கி எடுங்கள். கதவு நிலையில் கொக்கி இருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அன்றைக்கே டச்-அப் பெயின்ட் தொட்டுவிடுங்கள். இந்த ஈரத்தில் ஒரு வாரத்துக்குள் துரு பிடித்துவிடும். நட், வாசர், தட்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, முன் கம்பி எது, இடப்பக்கக் கால் எது என்று காலின் உட்புறத்தில் பெயின்டால் எழுதிவையுங்கள். கூரையின் வளைவு முன்னே ஒரு மாதிரி, பின்னே ஒரு மாதிரி என்பதால் பல கார்களில் முன், பின் கம்பிகளின் நீளமும் மெத்தையும் வேறு வேறாக இருக்கும். மாற்றிப் பூட்டினால் நான்கு மெத்தையும் சாய்ந்தே உட்காரும்.